உம்மா கேட்ட குரல்



சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுத உம்மாவிடம் அனுமதி கேட்டேன். முதலில் மறுத்தார்கள். ஏமாந்ததை ஊருக்குச் சொல்வதா என்று வருந்தினார்கள். பிறகு ஒரு நாள் மஃரிபு தொழுதுவிட்டு அவர்களே, "எழுது. நாலு உம்மாமார் படிச்சா போதும்" என்றார்கள்.

நாங்கள் காயல்பட்டினத்தில் இருக்கிறோம். எங்கள் ஊர் வழக்கப்படி பெண்மக்களுக்கே வீடு என்பதால் உம்மா என்னுடன் இருக்கிறார்கள். வாப்பா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. என் தம்பி துபாயில் ஒரு பொருட்கிடங்கில் வேலை பார்க்கிறான். வேலை நேரத்தில் கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அங்குள்ள விதி. இந்தச் சிறு செய்தி பின்னால் முக்கியமாகும்.

அன்று அஸர் முடிந்து நான் உறவினர் வீட்டில் நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். நாலேமுக்கால் மணியளவில் உம்மாவுக்கு அமீரக எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடன் அழுகை. "அம்மா, நான்தான். வண்டியில ஒருத்தரை இடிச்சிட்டேன். போலீசுல உக்கார வெச்சிருக்காங்க. லாத்தாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடும்." இவ்வளவுதான் அந்தக் குரல் பேசியது. கால் நிமிடம்கூட இருக்காது. அதன்பின் வக்கீல் என்று தம்மைக் கூறிக்கொண்ட வேறொருவர் தமிழில் பேசத் தொடங்கினார். அடிபட்டவர் மருத்துவமனையில் இருக்கிறார். இன்று மாலைக்குள் 1,80,000 ரூபாய் கட்டினால் சமாதானமாக முடித்துவிடலாம். தவறினால் வழக்கு, சிறை என்றார். இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பக் கூறினார்.

உம்மா உம்ராவுக்காகச் சேர்த்து அலமாரியில் வைத்திருந்த 40,000 ரூபாயை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள். அங்கிருந்த கல்லூரி மாணவன் அதை வாங்கிக்கொண்டு, தன் கைப்பேசியிலிருந்து அந்த மனிதர் சொன்ன கணக்குக்கு அனுப்பினான். மீதித் தொகைக்காக உம்மா வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

நானும் உடனே தெளிந்துவிடவில்லை. தம்பியின் எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன், அவன் எடுக்கவில்லை. அந்த மௌனமே, அவன் காவல் நிலையத்தில் இருப்பதற்குச் சான்று போல எனக்குப் பட்டது. அவன் கைப்பேசி பெட்டகத்தில் இருக்கும் நேரம் இது என்பது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. என்னை நிறுத்தியது வேறொன்று. துபாய் காவல் நிலையத்தில் கட்ட வேண்டிய பணம், இந்தியாவில் யாரோ ஒரு தனிமனிதரின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு ஏன் போக வேண்டும்? அதைக் கேட்டதும் அந்த 'வக்கீல்' உரக்கத் திட்டினார். நான் துண்டித்துவிட்டுத் தம்பியின் அறைத்தோழருக்கு அழைத்தேன். "காலையிலதான் ஒண்ணா நாஷ்டா சாப்பிட்டோம். அவன் டியூட்டில இருக்கான். அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாதே லாத்தா" என்றார்.

தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பெற்ற தாய்க்கும் உடன்பிறந்த எனக்கும் இது தெரியும். ஆனால் அந்த முப்பது நிமிடங்களில் இருவருக்குமே அது நினைவில் இல்லை.

உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தோம். பணம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கிலிருந்து போயிருந்ததால் அவனே பேச வேண்டியிருந்தது. வங்கியின் பெயர், தொகை, நேரம், பரிமாற்றத்தின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்தார்கள். இப்படிப் போகும் பணம் சில நிமிடங்களிலேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என்று நகர்ந்துவிடும். எந்தக் கணக்கில் நிற்கும்போது முறையீடு எட்டுகிறதோ, அங்கே இருப்பதை மட்டுமே முடக்க முடியும். எங்கள் பணத்தில் 13,000 ரூபாய் அப்படிச் சிக்கியது. மீதி போய்விட்டது.

பணம் போனதைவிட உம்மாவை வாட்டியது வேறு. "அது அவன் குரல்தான். பத்து மாசம் சுமந்தவளுக்குப் புள்ளையோட குரல் தெரியாதா?" என்று பல நாட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் அதை மறுக்கவில்லை. அது அவனுடைய குரல்தான். பேசியதுதான் அவன் இல்லை.

குரலை நகலெடுப்பது எப்படி நடக்கிறது என்பதை உம்மாவுக்கு நான் விளக்கிய விதத்திலேயே இங்கும் கூறுகிறேன். ஆயிரக்கணக்கான மனிதர்களின் பேச்சைக் கேட்டுப் பழகிய ஒரு கணினி நிரலுக்கு, மனிதர் பேசுவது எப்படி இருக்கும் என்பது முன்பே தெரியும். ஒரு புதிய மனிதரைப் போலப் பேசுவதற்கு அவருடைய தனி அடையாளம் மட்டுமே அதற்குத் தேவை. குரலின் கனம், சுருதி, சொற்களை இழுக்கும் விதம் போன்றவை. அதற்குச் சிறிதளவு ஒலிப்பதிவு போதும். மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், மூன்று விநாடிப் பதிவிலிருந்தே ஒருவரின் குரலைப் பின்பற்றும் முறையை விவரித்தார்கள். அடையாளத்தை எடுத்தபின், தட்டச்சு செய்யும் எந்த வாக்கியத்தையும் அந்தக் குரலில் ஒலிக்கச் செய்யலாம்.

என் தம்பி, எங்கள் மாமா மகனின் நிக்காஹ்வில் வரவேற்புரை ஆற்றிய காணொளி, எவரும் பார்க்கும்படி முகநூலில் இரண்டு ஆண்டுகளாக இருந்தது. அதன் கீழேயே உறவினர் பலர், யார் யாருக்கு என்ன முறை என்பது விளங்கும்படி வாழ்த்தும் எழுதியிருந்தார்கள். குரலும் குடும்ப விவரமும் ஒரே இடத்தில் கிடைத்தன.

நகல் குரலில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றை மறைக்கும் வகையிலேயே இந்த அழைப்புகள் அமைக்கப்படுகின்றன. தொலைபேசி இணைப்பு குரலின் நுட்பங்களைத் தேய்த்துவிடுகிறது. அழுகை மேலும் மறைக்கிறது. நகல் குரல் சில விநாடிகள் மட்டும் பேசிவிட்டு விலகிக்கொள்கிறது. பேரம் பேசுவது எப்போதும் வேறொரு மனிதர். கேட்பவரின் மனமும் அவர்களுக்கு உதவுகிறது. எங்கள் வீட்டில் யாரும் 'அம்மா' என்று அழைப்பதில்லை. தம்பி பிறந்ததிலிருந்து 'உம்மா' என்றுதான் அழைத்து வருகிறான். பின்னர் இதைச் சுட்டிக்காட்டியபோது உம்மா, "கேட்டேன். வலியில அப்படி வந்திருக்கும்னு நெனைச்சேன்" என்றார்கள். தவறு காதில் விழுந்திருக்கிறது. அன்பு அதற்குச் சமாதானம் கண்டுபிடித்துவிட்டது.

ஆகவே, உற்றுக் கேட்டால் பொய்க்குரலைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியிருப்பதில் பயனில்லை. அடுத்த முறை அழைப்பவர் 'உம்மா' என்றே அழைக்கக் கூடும். திரையில் தம்பியின் எண்ணே தோன்றும்படியும் செய்யக் கூடும்; அழைப்பவரின் எண்ணை மாற்றிக் காட்டுவது இன்று பெரிய வித்தையல்ல.

அந்த நாட்களில் என் மனம் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றிலேயே நின்றது. சகோதரர்கள் இரவில் தந்தையிடம் அழுதுகொண்டே வந்தார்கள் என்று குர்ஆன் கூறுகிறது. அழுகையும் இருந்தது, இரத்தம் தோய்ந்த சட்டையும் இருந்தது. வந்தவர்கள் அந்நியர்களும் அல்லர், பெற்ற மக்கள். ஆயினும் யஃகூப் (அலை) அவர்கள் அந்தக் கதையை ஏற்கவில்லை. அழுகை ஒரு செய்தியை உண்மையாக்கிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் செயல்பட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே உள்ளது.

எப்படி விசாரிப்பது என்பதுதான் கேள்வி. குடும்பத்துக்குள் ஓர் இரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னான். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2024 டிசம்பரில் வெளியிட்ட பொது எச்சரிக்கையிலும் இதே ஆலோசனை இருக்கிறது. உம்மா ஒப்பவில்லை. "என் புள்ளை கஷ்டத்துல கூப்பிடுவான், நான் அவன்கிட்ட சாட்சி கேக்கணுமா?" என்று கண் கலங்கினார்கள்.

உம்மாவின் மனத்தை மாற்றியது எங்கள் தெருவில் பெண்களுக்குப் பாடம் நடத்தும் ஆலிமா. எதிரிகள் இரவில் தாக்கினால் தம்மவரை அறிந்துகொள்வதற்காக ஒரு குறிச்சொல்லைப் பயன்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கூறிய செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இருப்பதை அவர்கள் நினைவூட்டினார்கள். அதற்கு 'ஷிஆர்' என்று பெயர். "இருட்டுல முகம் தெரியாது. அதனாலதான் சொல் கேட்டாங்க. அது சந்தேகம் இல்ல உம்மா, நம்ம ஆளை நாமே காயப்படுத்தாம இருக்கத்தான்" என்றார்கள். தொலைபேசியும் ஒருவகை இருட்டுதான் என்பது உம்மாவுக்கு விளங்கியது.

சொல்லைத் தேர்ந்தெடுக்க நாங்கள் எண்ணியதைவிட நாட்கள் ஆயின. முதலில் அப்பாவின் பெயரைச் சொன்னோம்; அது ஒவ்வொரு திருமண அழைப்பிதழிலும் அச்சாகியிருக்கிறது. தம்பியின் சிறுவயதுப் பட்டப்பெயர் ஊருக்கே தெரியும். வீட்டுப் பெயர், பிள்ளைகளின் பெயர், படித்த மதரஸா எல்லாமே யாரோ ஒருவருடைய பதிவில் இருக்கின்றன. சலாமோ, துஆவோ, சூராவின் பெயரோ வைக்கலாம் என்றார்கள் உம்மா. முஸ்லிம் வீடு என்று அறிந்த எவரும் முதலில் முயன்று பார்ப்பது அவற்றைத்தான். கடைசியில், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு பொருள்களின் பெயர்களைச் சேர்த்தோம். முருங்கையும் நங்கூரமும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்களுடையது இதுவல்ல. தேர்ந்தெடுத்தவர்கள் உம்மாவே. அவர்களுக்குச் சிரிப்பு வரும் சொற்களாக இருப்பதால் மறப்பதில்லை.

அதை எங்கும் எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பவும் இல்லை. கைப்பேசி களவு போனாலோ கணக்கு கைமாறினாலோ அந்தச் சொல்லும் உடன் போய்விடும். தம்பி விடுமுறையில் வந்தபோது எதிரில் உட்காரவைத்துச் சொன்னோம். உம்மா, நான், என் கணவர், தம்பி, அவன் மனைவி ஆகிய ஐவருக்கு மட்டுமே தெரியும். பிள்ளைகளுக்கு வேறு சொல் வைத்திருக்கிறோம். உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அழைத்துவரச் சொன்னார்கள் என்று யாராவது பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் அதைக் கேட்க வேண்டும்.

சொல்லைவிடக் கேட்கும் முறை முக்கியம் என்பதைப் பழகிப் பார்த்தபோதுதான் உணர்ந்தோம். முதல் ஒத்திகையில் தம்பி அழுவதுபோல் நடித்து, "உம்மா, எனக்கு ஞாபகம் வரல, நீங்க முதல்ல சொல்லுங்க" என்றான். உம்மா பாதிச் சொல்லைச் சொல்லியேவிட்டார்கள். அன்று சில விதிகள் வகுத்தோம். பணமோ இரகசியமோ கேட்கும் எந்த அழைப்பிலும் கேட்கப்படுபவர் சொல்லைக் கேட்க வேண்டும். அழைப்பவர்தான் சொல்ல வேண்டும். கேட்பவர் குறிப்புக் கொடுக்கவோ, முதல் எழுத்தைச் சொல்லவோ கூடாது. அழைப்பவர் அழுதாலும், கோபித்தாலும், அடிக்கிறார்கள் என்றாலும், சொல் வராவிட்டால் துண்டித்துவிட்டு நமக்கு முன்பே தெரிந்த எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். திரையில் தோன்றும் எண் பொய்யாக இருக்கலாம்; நாம் எண்களை அழுத்தி அழைத்தால் அது உரியவரிடமே போகும். தம்பியின் எண், அறைத்தோழரின் எண், கிடங்கு அலுவலக எண் ஆகிய மூன்றும் இப்போது தொலைபேசி மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. பிறர் கேட்க ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்து நேரில் சந்திக்கும்போது சொல்லை மாற்றிவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பெரும் வசதி, அழைப்பது எந்திரமா, நடிக்கும் மனிதரா என்று நாம் ஆராய வேண்டியதில்லை என்பதுதான். குரல் எல்லோருக்கும் கேட்கும் பொருளாகிவிட்டது. சொல் ஐந்து நெஞ்சங்களில் மட்டும் இருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. அதை மூன்று மாதங்களுக்குப் பின் ஓர் இரவில் கண்டோம். இஷா முடிந்து சிறிது நேரத்தில் உம்மாவுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. தம்பியின் குரல். பேருந்தில் பணப்பையும் கைப்பேசியும் களவு போய்விட்டதாகவும், உதவிய ஒருவரின் கைப்பேசியில் பேசுவதாகவும், அவசரமாக 15,000 ரூபாய் வேண்டும் என்றும் கூறினான். உம்மா என்னைப் பார்த்தார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம சொல்லைச் சொல்லு மகனே" என்றார்கள்.

மறுமுனையில் மௌனம். "உம்மா, பதட்டத்துல வரமாட்டேங்குது. நான்தான் உம்மா. என் குரல் தெரியலையா?"

உம்மாவின் கை நடுங்கியது. அந்தக் கேள்வியைத்தான் அவர்கள் ஓர் ஆண்டாகத் தம்மையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நீ என் மகனா இருந்தா கோபிச்சுக்க மாட்டே. இருக்குற இடத்திலேயே இரு. உன் ரூம் ஆளுக்குப் போன் பண்றேன்" என்று கூறித் துண்டித்தார்கள். அறைத்தோழரின் எண்ணை அவர்களே அழுத்தினார்கள். தம்பி இருப்பதாகச் சொன்ன பேருந்து நிறுத்தத்துக்கு அவர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் உம்மா முஸல்லாவிலிருந்து எழவில்லை. உண்மையாகவே அது என் மகனாக இருந்தால், அவனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனே என்று அழுதுகொண்டே இருந்தார்கள்.

பின்னர் அறைத்தோழரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் தம்பி சலாம் கூறினான். உம்மா பதில் சலாம் கூறிவிட்டு, மீண்டும் சொல்லைக் கேட்டார்கள். இம்முறை இரண்டு சொற்களையும் தெளிவாகச் சொன்னான். உம்மா அழுகையும் சிரிப்புமாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள்.

களவு போனது உண்மைதான்; அழைத்ததும் அவன்தான். ஒரு மகன் முக்கால் மணி நேரம் தெருவில் நிற்க நேர்ந்தது இந்த ஏற்பாட்டுக்கு நாங்கள் கொடுத்த விலை. பயத்தில் சொல் மறந்துபோகும் என்பதை அன்று கற்றோம். அதனால் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு தம்பி அழைக்கும்போது உம்மா சொல்லைக் கேட்கிறார்கள். வீட்டில் அக்கம்பக்கத்தார் இருந்தால் அந்த வாரம் கேட்பதில்லை.

அந்த இரவைப் பற்றித் தம்பியிடம் பின்னர் கேட்டேன். துண்டிக்கப்பட்டபோது வருத்தமாக இருந்ததா என்றேன். "முதல்ல இருந்துச்சு லாத்தா. அப்புறம் நெனைச்சேன், இனிமே என் குரலை வெச்சு உம்மாவை யாரும் அழவைக்க முடியாது" என்றான்.

உம்மா உம்ராவுக்கு மறுபடியும் சேர்த்து வருகிறார்கள். அது நிறைவேற துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.